பந்து மாறினால் வரி மாற வேண்டும்: பள்ளிக் கிரிக்கெட் டிரில்களைப் பதிவு செய்ய மூன்று வழிகள்

மும்பையில் பள்ளிக் கிரிக்கெட் பயிற்சியாளர்களிடம் டிரில்களுக்குக் குறைவே இல்லை. ஒருவரிடம் பழைய நோட்டுப் புத்தகம் நிறையக் கோட்டுப்படங்கள் இருக்கும். இன்னொருவர் கைபேசியில் வீடியோக்கள் குவிந்து கிடக்கும். குறை இருப்பது தேடி எடுப்பதில்தான். ஜூலை மாதம், மாதுங்காவில் மைதானம் சேறாகிக் கிடக்கிறது. 12, 13 வயதுப் பிள்ளைகள் 16 பேர் பள்ளி ஹாலில் நிற்கிறார்கள். கிட் பையில் 18 டென்னிஸ் பந்துகளும் கொஞ்சம் கோன்களும் மட்டுமே இருக்கின்றன. இந்த நிலைமைக்கு எந்தெந்த டிரில்கள் ஒத்துவரும் என்ற கேள்விக்கு உடனே விடை கிடைத்தால்தான் அது தொகுப்பு. இல்லையென்றால் வெறும் குவியல்.

அந்த விடையைத் தருவது டிரிலின் விளக்கமோ வீடியோவோ அல்ல. டிரிலைப் பற்றிய விவரங்கள்தான் தருகின்றன: எந்தத் திறன், எந்த வயது, என்னென்ன உபகரணம். இவற்றைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் இரண்டு பயிற்சியாளர்களும் நானும் இதைப் பற்றிப் பேசியபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன. வீடியோக்களுக்கு அவரவர் விருப்பப்படி குறிச்சொற்கள் போட்டுவிடுவது முதல் வழி. நெடுவரிசைகளையும் அவற்றில் வரக்கூடிய சொற்களையும் முன்கூட்டியே வரையறுத்து ஒரே விரிதாளில் பதிவது இரண்டாவது. டிரில், உபகரணம், திறன் ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணைகள் கொண்ட முறையான தரவுத்தளம் மூன்றாவது. என் வாக்கு இரண்டாவதற்கு. ஆனால் வழக்கமாக எல்லோரும் போடும் விரிதாளுக்கு அல்ல. அதில் ஒரு விதி கூடுதலாக வேண்டும், பக்கத்தில் ஒரு சிறு பெயர்ப்பட்டியலும் வேண்டும். காரணம் சொல்ல ஒரே ஒரு டிரிலை எடுத்துக்கொள்கிறேன்.

முன்கால் டிரைவுக்கு எல்லாப் பயிற்சியாளர்களும் தரும் எளிய டிரில் அது. பேட்ஸ்மேனிடமிருந்து ஏறத்தாழ 8 மீட்டர் தள்ளி நிற்பவர் கீழ்க்கையால் பந்தை எறிகிறார். பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்போது, பேட்ஸ்மேன் முன்காலை நீட்டி, தரையோடு அடித்து, 3 மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு கோன்களுக்கு நடுவே அனுப்ப வேண்டும். கோன்களுக்குப் பின்னால் இரண்டு பேர் பந்தைத் தடுத்து எடுக்கிறார்கள். ஆக, 4 பேர் கொண்ட குழு, 6 பந்துகள், 2 கோன்கள். 6 பந்து முடிந்ததும் இடம் மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

டென்னிஸ் பந்தில் இதை 9 வயதுக்காரரும் செய்யலாம், 14 வயதுக்காரரும் செய்யலாம். சீசன் பந்தில், அதாவது கெட்டியான தோல் பந்தில் செய்தால் கதை வேறு. 8 மீட்டரில் நின்று எறிபவரை நோக்கியே பந்து திரும்பி வரும். அவர் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து நின்றோ தடுப்பு வலைக்குப் பின்னாலிருந்தோதான் எறிய வேண்டும். எதிரில் அத்தனை அருகில் பீல்டர்களை நிறுத்தவும் முடியாது. எனவே திறந்த ஹாலை விட்டு நெட்ஸுக்குள் போக வேண்டியிருக்கிறது. 4 பேர் குழு 3 பேராகிறது. பேடு, கையுறை, ஹெல்மெட், கார்டு எல்லாம் பட்டியலில் சேர்கின்றன. பந்து ஒன்றை மாற்றியதில் இடமும் ஆள் எண்ணிக்கையும் நிற்கும் முறையும் சேர்ந்தே மாறிவிட்டன.

குறிச்சொல் முறை சறுக்குவது இங்கேதான். அந்த வீடியோவுக்கு ஒருவர் "டிரைவ், 9 வயது, 14 வயது, டென்னிஸ் பந்து, சீசன் பந்து, கோன், நெட்ஸ்" என்று குறிச்சொற்கள் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் எந்தப் பந்து எந்த வயதுக்கு என்ற இணைப்பு அறுந்து போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த உதவிப் பயிற்சியாளர் "9 வயது" என்றும் "சீசன் பந்து" என்றும் தேடினாலும் அதே வீடியோதான் வந்து நிற்கும். அவர் மீது குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பதிவே அப்படித்தான் சொல்கிறது. தேடல் சரியாக வராமல் போவது தொல்லை மட்டும்தான். தவறான இணையைச் சரியென்று காட்டுவது காயத்தில் முடியும்.

வழக்கமான விரிதாளிலும் இதே பள்ளம் உண்டு. ஒரு டிரிலுக்கு ஒரு வரி என்று வைத்து, வயது நெடுவரிசையில் "9 முதல் 16" என்றும் உபகரண நெடுவரிசையில் "டென்னிஸ் / சீசன்" என்றும் எழுதினால் குறிச்சொல் முறையைவிட அழகாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால்தான் நான் கேட்ட ஒரே விதி: பந்து மாறினால் வரி மாற வேண்டும். டிரிலின் எண் ஒன்றாகவே இருக்கட்டும். பந்துக்கு ஏற்ப a, b, c என்று கிளை பிரியட்டும். எங்கள் டிரில் இப்படி ஆகிறது:

```
id,skill,age_min,age_max,ball,group,balls,cones,place
FD-01a,front_foot_drive,9,14,tennis,4,6,2,hall
FD-01b,front_foot_drive,11,12,leather_135,3,6,2,nets
FD-01c,front_foot_drive,13,16,leather_156,3,6,2,nets
```

பந்தின் பெயரோடு எடையையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். "சீசன் பந்து" என்று மட்டும் எழுதினால் போதாது. கிரிக்கெட் விதிகளின்படி ஆண்கள் ஆட்டப் பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். பெண்களுக்கு 140 முதல் 151 கிராம். 13 வயதுக்கு உட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம். எல்லாமே தோல் பந்துதான், எல்லாமே சிவப்புதான். தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. பெண்கள் அணியும் அதே நெட்ஸில் பயிற்சி செய்கிறது என்றால் 142 கிராம் பந்துக்கு இன்னொரு கிளை சேர்க்க வேண்டும். வயதை வைத்துப் பந்தை ஊகிக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

இனி வயது. பள்ளிக் கிரிக்கெட்டில் எல்லோரும் பேசுவது போட்டிப் பிரிவுகளின் மொழி. மும்பையில் ஜைல்ஸ் ஷீல்டு என்றால் 14 வயதுக்கு உட்பட்டோர், ஹாரிஸ் ஷீல்டு என்றால் 16 வயதுக்கு உட்பட்டோர் என்பது பெற்றோருக்குக்கூடத் தெரியும். 1988-இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்த ஹாரிஸ் ஷீல்டு ஆட்டத்தைப் பற்றி ஆசாத் மைதானத்தில் இன்றும் பேச ஆளுண்டு. அதனால் வயது நெடுவரிசையில் "ஜைல்ஸ்", "ஹாரிஸ்" என்று எழுதிவிடலாம் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். "சார், பையன்களைப் பிரிப்பதே அப்படித்தானே!" என்பது அவர் வாதம்.

பையன்களைப் பிரிக்க அது சரி. டிரில்களைப் பிரிக்கச் சரியில்லை. "14 வயதுக்கு உட்பட்டோர்" என்பது மேல் வரம்பை மட்டும் சொல்கிறது. கெட்டிக்காரப் பையன் 11 வயதிலேயே அந்த அணியில் இருப்பான். அவனுக்கு முழு எடைப் பந்து ஒத்துவராது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அதோடு, பிரிவுகள் அமைப்புக்கு அமைப்பு மாறும். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகள் 14, 17, 19 வயது வரம்புகளில் நடக்கின்றன. அங்கே 16 என்ற பிரிவே இல்லை. ஒரு போட்டியின் பெயரில் பதிந்த டிரிலை இன்னொரு போட்டிக்கான அணிக்குத் தேடும்போது அது கண்ணில் படாது.

ஆகவே வயதுக்கு இரண்டு நெடுவரிசைகள், இரண்டிலும் வெறும் எண். ஒரே கட்டத்தில் "9-11" என்று எழுதுவது இயல்பாகத் தோன்றும். எழுதிப் பாருங்கள்: இந்தியத் தேதி அமைப்பில் உள்ள விரிதாள் அதை நவம்பர் 9 என்ற தேதியாக்கிவிடும். "10-12" டிசம்பர் 10 ஆகிவிடும். எழுதியவர் கவனிக்காமல் நகர்ந்துவிட்டால், பிறகு வடிகட்டும்போது அந்த வரி மட்டும் வராது. ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு எண்களாக இருந்தால் ஜூலை மாதக் கேள்வியை நேரடியாகக் கேட்டுவிடலாம்:

```
=FILTER(A2:I, C2:C<=12, D2:D>=13, E2:E="tennis")
```

குழுவில் இளையவருக்கு 12, மூத்தவருக்கு 13. குறைந்தபட்ச வயது 12 அல்லது அதற்குக் கீழும், அதிகபட்ச வயது 13 அல்லது அதற்கு மேலும் உள்ள டிரில்கள் மட்டும் வருகின்றன. FD-01a வருகிறது. FD-01b, FD-01c இரண்டும் வரவில்லை, வரவும் கூடாது. 12-க்கும் 13-க்கும் நடுவே பந்தின் எடை மாறுவதால், இந்தக் கலந்த குழுவுக்கு ஒரே தோல் பந்து டிரிலைத் தர முடியாது என்பதை விரிதாளே சொல்லிவிடுகிறது. வயது என்பது உடல் வளர்ச்சிக்கு ஒரு குத்துமதிப்பான அளவுதான் என்பது எனக்கும் தெரியும். 13 வயதில் மீசை அரும்பியவனும் உண்டு, குழந்தை முகம் மாறாதவனும் உண்டு. அந்தத் தீர்ப்பைப் பயிற்சியாளரின் கண்ணுக்கு விட்டுவிடுவோம். அதற்கு ஒரு நெடுவரிசை தேவையில்லை.

திறன் நெடுவரிசையில் வரும் குழப்பம் வேறு வகை. பயிற்சியாளர்களிடம் "இது எந்தத் திறனுக்கான டிரில்?" என்று கேட்டால், "த்ரோ டவுன்", "நெட்ஸ்", "நாக்கிங்", "சைட் ஆர்ம்" என்று பதில் வருகிறது. இவற்றில் ஒன்றுகூடத் திறன் அல்ல. த்ரோ டவுனும் நாக்கிங்கும் பயிற்சி தரும் முறைகள், நெட்ஸ் இடம், சைட் ஆர்ம் பந்தெறியும் கருவி. த்ரோ டவுனில் புல் ஷாட்டையும் பழகலாம், தற்காப்பு ஆட்டத்தையும் பழகலாம். "பந்து வந்த பிறகு பிள்ளை எதைச் சரியாகச் செய்தால் டிரில் வெற்றி?" என்று கேட்டால் திறனின் பெயர் தானாக வந்துவிடும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பது அடுத்த தகராறு. "கேட்ச்" என்று ஒரே சொல்லில் அடக்கினால் ஸ்லிப்பில் இடுப்புயரத்துக்கு வரும் பந்தும், எல்லைக்கோட்டருகே வானத்திலிருந்து விழும் பந்தும் ஒன்றாகிவிடுகின்றன. கை வைக்கும் முறையே இரண்டிலும் வேறு. அதற்காக டிரைவை நேர் டிரைவ், கவர் டிரைவ், ஆன் டிரைவ் என்று உடைத்தால், 9 வயதுக்கான டிரில்களில் பாதிக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் ஆளுக்கொன்று போடுவார்கள். ஒரு திறனை மட்டுமே வைத்து ஒரு முழு வகுப்பைத் திட்டமிடுவீர்களா என்று பயிற்சியாளரைக் கேட்டு, ஆம் என்றால் மட்டும் அதற்குத் தனிச்சொல் தரலாம். ஸ்லிப் கேட்ச், உயரக் கேட்ச், நேரடியாக ஸ்டம்பைத் தாக்கும் எறி ஆகியவை தேறின. ஆன் டிரைவ் தேறவில்லை. ஒரு டிரிலுக்கு ஒரே முதன்மைத் திறன்தான். எங்கள் டிரிலில் பின்னால் நிற்கும் இருவருக்குத் தரைப் பந்தைத் தடுக்கும் பயிற்சியும் கிடைக்கிறதே என்றால், அதைக் குறிப்பு நெடுவரிசையில் எழுதிக்கொள்ளலாம். முதன்மையில் இரண்டை அனுமதித்தால் விரைவில் எல்லா டிரிலும் எல்லாத் திறனுக்கும் என்றாகிவிடும்.

உபகரணப் பெயர்களுக்குத்தான் நான் சொன்ன அந்தச் சிறு பெயர்ப்பட்டியல் தேவைப்படுகிறது. தோல் பந்தை மும்பையில் சீசன் பந்து என்கிறார்கள். தில்லிப் பக்கத்திலிருந்து வந்தவர் டியூஸ் பந்து என்கிறார். தமிழ்நாட்டில் ஆடி வளர்ந்தவர் வாயில் கார்க் பந்து என்றுதான் வரும். பெயர்கள் பல, பொருள் ஒன்று என்ற அளவில் நின்றால் பரவாயில்லை. கடையில் கார்க் பந்து என்று கேட்டால் தையலே இல்லாமல் அச்சில் வார்த்த மலிவான கெட்டிப் பந்தையும் எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு பொருள். டென்னிஸ் பந்திலும் சாதாரணமானது ஒன்று, எடை கூட்டிச் செய்தது இன்னொன்று. ஹாலுக்குள் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எடை கூடியதைக் கொடுத்தால், முழங்கையில் பட்டவன் அடுத்த நாள் வர மாட்டான்.

இதற்குத் தீர்வு எல்லோரையும் ஒரே சொல்லைப் பேசச் சொல்வதல்ல. விரிதாளின் இரண்டாவது தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: முதலில் நிலையான குறியீடு, அடுத்து நாம் காட்டப்போகும் பெயர், அதற்கடுத்து மக்கள் சொல்லும் மற்ற பெயர்கள். நூலகத்துறையினர் சொல்தொகுதிகளுக்கு நெடுங்காலமாகச் செய்துவருவதுதான் இது. டிரில் பதிபவர் பெயரைத் தட்டச்சு செய்வதில்லை. கீழிறங்கு பட்டியலிலிருந்து தேர்கிறார். தமிழில் பதிபவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. "கோன்" என்பதில் உள்ள ஓகாரக் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் (U+0BCB), இரண்டு குறிகளைச் சேர்த்தும் (U+0BC7, U+0BBE) எழுத முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விரிதாளின் ஒப்பீட்டில் ஒன்றாகாமல் போகலாம். பழைய ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது இது நடக்கும். கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத பிழை இது. பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தால் இந்தப் பிழைக்கு வாசலே இல்லை.

அதே தாளில் "மாற்று உண்டா" என்று ஒரு கட்டம் வைத்தோம். கோன் இல்லையென்றால் செருப்பு, தண்ணீர்ப் பாட்டில் எதுவும் போதும். தாராவிப் பையன்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டம்புக்குச் செங்கல் நிற்கும். ஹெல்மெட், கார்டு, தடுப்பு வலை மூன்றுக்கும் மாற்று இல்லை. அவை இல்லையென்றால் டிரிலும் இல்லை.

எண்ணிக்கையை மொத்தமாக எழுதாமல் குழுவுக்கு இவ்வளவு என்று எழுதியதன் பலன் ஜூலை மாதத்து ஹாலில் தெரியும். 16 பேரை நால்வராகப் பிரித்தால் 4 குழு; குழுவுக்கு 6 பந்து என்றால் 24 வேண்டும். பையில் இருப்பது 18. மூன்று குழு ஆடி, ஒரு குழு சுவரோரம் நிற்க வேண்டும். அல்லது குழுவுக்கு 4 பந்தாகக் குறைத்து 16-இல் முடிக்கலாம். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம் என்று முன்பே தெரிந்தால் வகுப்பு தொடங்கும்போது குழப்பம் இருக்காது. "பந்துகள், கோன்கள்" என்று மட்டும் எழுதிய குறிச்சொல்லால் இந்தக் கணக்கைப் போட முடியாது.

மூன்றாவது வழியான தரவுத்தளத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு டிரிலுக்கு எத்தனை உபகரணம் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி வரியும் தனி எண்ணிக்கையும் தர அதில் முடியும். எங்கள் விரிதாளில் பந்துக்கும் கோனுக்கும் நெடுவரிசை வைத்ததுபோல ஒவ்வொரு பொருளுக்கும் வைத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. ஆனால் அதைப் பராமரிக்க ஒருவர் வேண்டும். பயிற்சியாளர் மைதானத்தில் நின்றபடி கைபேசியில் ஒரு வரி சேர்க்க, அதற்கென்று ஒரு படிவம் செய்து தர வேண்டும். அந்த ஆள் பள்ளியை விட்டுப் போனால் தரவுத்தளமும் அவரோடு போய்விடும். விரிதாளை அடுத்து வருபவர் திறந்து பார்த்தே புரிந்துகொள்வார். தொகுப்பை இணையத்தில் பிற பள்ளிகளுக்கும் தர நினைத்தால் schema.org-இன் `typicalAgeRange`, `teaches`, `tool` போன்ற பண்புகளைப் பயன்படுத்தலாம். எங்கள் நெடுவரிசைகள் அவற்றோடு ஏறத்தாழ பொருந்தும், `age_min`, `age_max` இரண்டையும் ஒட்டி ஒரே வரம்பாக்கினால் போதும். பிரித்து வைத்ததை ஒட்டுவது எளிது. ஒட்டி வைத்ததைப் பிரிப்பதுதான் பாடு.

விரிதாள் எப்போது போதாமல் போகும்? பெரும்பாலான டிரில்கள் நான்கைந்து வகை உபகரணம் கேட்கத் தொடங்கினால், பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடந்தால், அல்லது ஒரே டிரிலின் கிளைகள் e, f, g என்று நீண்டு, ஒன்றைத் திருத்தியவர் மற்றவற்றைத் திருத்த மறந்தால், அப்போது தரவுத்தளத்துக்குப் போய்விட வேண்டும். அதுவரை ஒரு காவல் போதும்: பெயர்ப்பட்டியலில் புதுச்சொல் சேர்க்கும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும். தேவையான சொல் இல்லையென்றால் பயிற்சியாளர் அதைக் குறிப்பு நெடுவரிசையில் எழுதிவிட்டுப் போகலாம். மாதம் ஒருமுறை அதைப் பார்த்துச் சேர்ப்பதா, இருப்பதன் மாற்றுப் பெயராக்குவதா என்று முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியருக்குப் போயிருக்கிறது. கிட் பையின் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.